குழுவின் ஆறு மாதக் குறிப்புகளை டி.சி. அறிக்கையாக்குவது: தேதி வாரியாகவா, நோக்கம் வாரியாகவா?

வெள்ளைப்பலகை · 9 ஜூன், இரவு 10.12

எங்கள் குழுவில் நான்கு ஸ்காலர்கள். செம்பு கலந்த ZnO தூள் தயாரித்து, மெத்திலீன் ப்ளூ சாயத்தை ஒளியில் நீக்கும் வேலை. வாரம் ஒரு குரூப் மீட்டிங். அதன் குறிப்புகளை ஒரே பகிர்வு ஆவணத்தில் நால்வரும் எழுதுகிறோம். ஜூலை கடைசியில் என் டாக்டரல் கமிட்டி கூடுகிறது, அதற்கு அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும்.

குறிப்புகளைத் தேதி வரிசையில் சுருக்கி, மாதத்துக்கு ஒரு பக்கம் என்று ஆறு பக்கம் கொடுத்தால் போதாதா? நடந்தது எல்லாம் அதில் வந்துவிடும். கைடு 'அப்படி வேண்டாம்' என்கிறார். ஏன் வேண்டாம் என்று இங்கே யாராவது சொல்லுங்கள்.

கோவை ஸ்காலர் · 9 ஜூன், இரவு 10.50

தேதி வரிசையே கொடுங்கள். வேலை நடந்ததற்கு அதுதான் சாட்சி. கமிட்டிக்கு வேண்டியது ஆறு மாதமும் சும்மா இருக்கவில்லை என்ற நம்பிக்கை. ஒவ்வொரு மாதிரிக்கும் சாயம் நீங்கியதில் கிடைத்த மிக நல்ல சதவீதத்தை எடுத்து ஒரு அட்டவணை போட்டு முதல் பக்கத்தில் வையுங்கள், மீதியை மாதவாரியாக அடுக்குங்கள்.

பழைய நோட்டு · 10 ஜூன், காலை 6.25

கோவைத் தம்பி சொன்னதில் பாதி சரி. தேதி வாரியான பதிவு வேண்டும், ஆனால் அதன் இடம் பின்னிணைப்பு. அறிக்கையின் உடல் வேறு.

கமிட்டியில் உட்காருபவர்களில் கைடு தவிர மற்றவர்களுக்கு உங்கள் வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கண்ணில் படும். அவர்கள் கையில் இருப்பது இரண்டு தாள்கள்: பதிவின்போது நீங்கள் எழுதிக்கொடுத்த ஆய்வு நோக்கங்கள், சென்ற கூட்டத்தின் மினிட்ஸ். இந்த இரண்டில் உள்ள வரிகளுக்கு என்ன பதில் என்றுதான் அவர்கள் தேடுவார்கள். மார்ச் மாதம் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. 'இரண்டாம் நோக்கம் எங்கே நிற்கிறது, போன தடவை ஒரு ஒப்பீடு செய்யச் சொன்னோமே, செய்தீர்களா' என்றுதான் கேட்பார்கள். மாதவாரி அறிக்கையில் இந்தப் பதில் நான்கு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். படிப்பவர் அதைத் தானே பொறுக்கிச் சேர்க்க வேண்டும், பெரும்பாலும் சேர்க்க மாட்டார்.

இதற்கு விதியும் பின்னால் நிற்கிறது. யூஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகள்படி ஸ்காலர் ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒருமுறை ஆலோசனைக் குழு முன், அதாவது உங்கள் டாக்டரல் கமிட்டி முன், வேலையைக் காட்ட வேண்டும். முன்னேற்றம் திருப்தி இல்லை என்றால் குழு காரணத்தையும் திருத்தும் வழியையும் எழுதி வைக்கும். சொன்ன திருத்தத்தைச் செய்யவில்லை என்றால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அதனால் 'சொன்னதைச் செய்தாயா' என்பது வெறும் விசாரிப்பு இல்லை.

முதல் வேலையாக சென்ற கூட்டத்தின் மினிட்ஸை எடுத்து, ஒவ்வொரு பரிந்துரையையும் சொல் மாற்றாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் முடிந்தது, நடந்துகொண்டிருக்கிறது, செய்யவில்லை என்ற மூன்றில் ஒன்றைப் போட்டு, இரண்டு வரி காரணமும், அறிக்கையில் எந்தப் பக்கத்தில் விவரம் இருக்கிறது என்பதும். இதுதான் முதல் பக்கம். பரிந்துரையை உங்கள் வசதிக்கு மாற்றி எழுதினால் அந்தப் பரிந்துரையைச் சொன்னவர் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

'மிக நல்ல சதவீதம்' பற்றித் தனியாக எழுதுகிறேன். அதை வைக்கவே கூடாது.

ஏடு · 10 ஜூன், காலை 9.03

நான் தமிழ்த்துறை, சுவடிப் பதிப்பு. குழு வேலை என்றால் நால்வர் பெயரும் போட்டு ஒரே அறிக்கையாகக் கொடுப்பதுதானே முறை? எங்கள் திட்டத்தில் மூன்று பேர் மூன்று இடத்துச் சுவடிகளை ஒப்பிட்டோம். நிதி கொடுத்த நிறுவனத்துக்கு ஒரே அறிக்கைதான் போனது. ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு குறியெழுத்து கொடுத்து, அந்தப் பட்டியலை முன்னால் வைத்தோம். பாடபேதம் எங்கே வந்தாலும் அந்த எழுத்து மட்டும்தான்.

பழைய நோட்டு · 10 ஜூன், காலை 9.40

ஏடு ஐயா, நீங்கள் சொல்வது திட்ட அறிக்கை. டி.சி. அறிக்கை ஒரு ஸ்காலருடையது. குழுவின் குறிப்பு நால்வருக்கும் பொது, அறிக்கை ஒருவருக்கு. இவருடைய சிக்கலே அங்கேதான். ஆனால் அந்தக் குறியெழுத்துப் பட்டியல் இங்கே அப்படியே வேண்டும். வெள்ளைப்பலகை, உங்கள் மாதிரிகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறீர்கள்?

வெள்ளைப்பலகை · 10 ஜூன், மதியம் 1.15

CZ1, CZ3, CZ5, CZ7. CZ5 என்றால் 5 சதவீதம் செம்பு.

பழைய நோட்டு · 10 ஜூன், மதியம் 1.22

மோல் சதவீதமா, எடைச் சதவீதமா? நால்வருக்கும் ஒன்றுதானா?

வெள்ளைப்பலகை · 10 ஜூன், இரவு 8.47

எனக்கு மோல். மற்றவர்களிடம் கேட்டேன். ஒருவர் எடை என்கிறார். இன்னொருவர் ஊரில் இருக்கிறார், நினைவில்லை என்கிறார். பகிர்வு ஆவணத்தில் எல்லா இடத்திலும் CZ5 என்றுதான் இருக்கிறது.

பழைய நோட்டு · 11 ஜூன், காலை 6.10

இப்போது நினைவை நம்ப வேண்டாம், லேப் நோட்டில் எடை போட்ட வரியைப் பாருங்கள். அது சொல்லிவிடும்.

மொத்தம் 0.1 மோல் உலோகம் என்ற அளவில் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துத்தநாக அசிடேட் டைஹைட்ரேட், செம்பு அசிடேட் மோனோஹைட்ரேட் என்ற இரண்டு உப்புகள். 5 மோல் சதவீதம் என்றால் துத்தநாக உப்பு 20.85 கிராம், செம்பு உப்பு 1.00 கிராம் வரும். முடிவில் கிடைக்கும் ஆக்சைடில் செம்பின் எடை 5 சதவீதம் என்று கணக்குப் போட்டவர் ஏறக்குறைய 6.4 மோல் சதவீதத்துக்குப் போயிருப்பார். அவர் நோட்டில் துத்தநாக உப்பு 20.5 கிராமுக்குப் பக்கத்திலும் செம்பு உப்பு 1.28 கிராமுக்குப் பக்கத்திலும் இருக்கும். செம்பு உப்பின் எடை ஒன்றை மட்டும் பார்த்தாலே தெரியும். அளவு பாதி, இரட்டை என்று மாறியிருந்தால் இரண்டு உப்பின் விகிதத்தைப் பாருங்கள்.

ஆக, 5 எடை சதவீதம் போட்டவரின் CZ5, உங்கள் CZ5-ஐ விட CZ7-க்குத்தான் பக்கம். இரண்டையும் ஒரே பெயரில் ஒரே வரைபடத்தில் போட்டால் 'செம்பு கூடினால் வேகம் கூடுகிறது, பிறகு குறைகிறது' என்ற உங்கள் முடிவே ஆடிப்போகும்.

பழைய பெயர்களை அழிக்காதீர்கள். ஒவ்வொரு தயாரிப்புக்கும் புதிதாக ஒரு எண் கொடுங்கள். ஒரே கலவையை இரண்டு முறை தயாரித்திருந்தால் இரண்டு எண். பக்கத்தில் பழைய பெயர், தயாரித்தவர், தேதி, உப்புகளின் எடை, உலையின் வெப்பநிலையும் நேரமும், லேப் நோட்டுப் பக்கம். இந்தப் பட்டியல் முடியும்வரை அறிக்கையில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

நிரல் · 11 ஜூன், காலை 11.30

பகிர்வு ஆவணத்தை எளிய உரைக் கோப்பாக இறக்கிக்கொண்டால் இது சீக்கிரம் முடியும். முதலில் பெயர் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள்:

```
grep -n -i "CZ[ -]*5" notes.txt
```

CZ5, CZ-5, cz 5 மூன்றும் மாட்டும். CZ50 என்று ஏதாவது இருந்தால் அதுவும் மாட்டும், அதைக் கண்ணால் பார்த்து ஒதுக்குங்கள். பிறகு ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் ஒரு வரி என்று அட்டவணை:

```
date,batch,who,lamp,cat_mg,vol_ml,A_start,A_dark,A_60,raw_file
2025-02-11,B07,S2,L1,50,100,2.00,1.60,0.40,0211_b07_r1.csv
```

சதவீதத்தை இந்த அட்டவணையில் கையால் எழுத வேண்டாம். அளந்த எண்களை மட்டும் வையுங்கள், சதவீதம் அதிலிருந்து கணக்காகட்டும். `raw_file` கட்டத்தில் கோப்பு இல்லாத வரி அறிக்கைக்குள் போகக்கூடாது. குறிப்பில் 'நன்றாக வந்தது' என்று இருக்கும், கோப்பு இருக்காது. அப்படிப்பட்ட வரிகள் எல்லாக் குழுவிலும் உண்டு.

கோவை ஸ்காலர் · 11 ஜூன், மதியம் 12.05

அரையாண்டு அறிக்கைக்கு இவ்வளவு தேவையா? இது ஆய்வேடு எழுதும்போது செய்ய வேண்டியது. கமிட்டி இருபது நிமிடம் கேட்கும், அவ்வளவுதான்.

பழைய நோட்டு · 11 ஜூன், மதியம் 12.31

மூன்று வருடம் கழித்துச் செய்தால் எடை போட்டவர் குழுவில் இருக்க மாட்டார். இப்போது போனில் கேட்க ஆள் இருக்கிறது. தவிர, அறிக்கையில் போன எண் கமிட்டியின் கோப்பில் நிற்கும். பின்னால் ஆய்வேட்டில் வேறு எண் வந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

வெள்ளைப்பலகை · 13 ஜூன், இரவு 11.20

எடை வரிகளைப் பார்த்தேன். ஊரில் இருப்பவரும் எடைச் சதவீதம்தான், செம்பு உப்பு 1.28. இரண்டு தயாரிப்புகளுக்கு எடை வரியே இல்லை, அவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்போது வேறொன்று. பிப்ரவரிக் குறிப்பில் ஒரே ஓட்டத்துக்கு ஒரு இடத்தில் 80 சதவீதம் என்றும், அடுத்த வாரம் வேறொருவர் எழுதியதில் 75 சதவீதம் என்றும் இருக்கிறது. கச்சாக் கோப்பு ஒன்றுதான். மேலே நிரல் எடுத்துக்காட்டுக்குப் போட்ட வரி என் கோப்பில் உள்ள எண்களேதான்: சாயக் கரைசலின் உறிஞ்சல் ஆரம்பத்தில் 2.00, இருட்டில் 30 நிமிடம் கலக்கிய பிறகு 1.60, ஒளியில் 60 நிமிடத்துக்குப் பிறகு 0.40.

கோவை ஸ்காலர் · 14 ஜூன், காலை 7.45

80-க்கும் 75-க்கும் வித்தியாசம் சோதனைப் பிழைக்குள் அடங்கும். சராசரி எடுத்து 77.5 போடுங்கள்.

பழைய நோட்டு · 14 ஜூன், காலை 8.20

சராசரி எடுக்கக் கூடாது தம்பி. சோதனைப் பிழை என்பது மறுபடி மறுபடி செய்யும்போது வரும் சிதறல். இங்கே செய்தது ஒரு ஓட்டம், அளந்தது மூன்று எண். இரண்டு பேர் இரண்டு தொடக்கப் புள்ளியிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் 2.00-லிருந்து 0.40 வரை எடுத்தார், 80 வந்தது. மற்றவர் இருட்டுக்குப் பிறகான 1.60-லிருந்து எடுத்தார், 75 வந்தது. இரண்டும் கணக்காகச் சரி. ஆனால் சொல்வது வேறு வேறு. முதல் எண்ணில் தூளின் மேல் ஒட்டிக்கொண்ட சாயமும் சேர்ந்திருக்கிறது, இரண்டாவது ஒளி செய்ததை மட்டும் சொல்கிறது.

வேக மாறிலியும் இதே மாதிரி மாறும்.

```
k = ln(1.60/0.40)/60 = 0.0231 /min
k = ln(2.00/0.40)/60 = 0.0268 /min
```

ஏறக்குறைய 16 சதவீத வித்தியாசம். செம்பைக் கூட்டிக் குறைத்து நீங்கள் தேடுகிற வித்தியாசமே சில நேரம் அவ்வளவுதான் இருக்கும்.

இதைவிட மோசமாகப் போகும் இடம் ஒன்று உண்டு. சாயத்தை அதிகம் ஒட்டவைக்கும் தூள் ஒன்று, குறைவாக ஒட்டவைக்கும் தூள் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது: 2.00, இருட்டுக்குப் பிறகு 1.00, கடைசியில் 0.40. இரண்டாவது: 2.00, இருட்டுக்குப் பிறகு 1.80, கடைசியில் 0.50. ஆரம்பத்திலிருந்து கணக்கிட்டால் முதலாவது 80, இரண்டாவது 75, முதலாவது ஜெயிக்கிறது. இருட்டுக்குப் பிறகிலிருந்து கணக்கிட்டால் முதலாவது 60, இரண்டாவது 72, வரிசையே தலைகீழ். இப்போது ஒருவர் முதல் முறையிலும் மற்றவர் இரண்டாம் முறையிலும் எழுதிய குறிப்புகளை ஒரே அட்டவணையில் அடுக்கினால் எந்தத் தூள் நல்லது என்பது யார் குறிப்பு எழுதினார் என்பதைப் பொறுத்து மாறும்.

'மிக நல்ல சதவீதத்தை எடுத்து வை' என்ற யோசனை ஏன் ஆபத்து என்பதும் இங்கே தெரிகிறது. நல்ல எண்ணாகப் பொறுக்கினால் ஆரம்பத்திலிருந்து கணக்கிட்டவைதான் தானாக மேலே வரும்.

அறிக்கையில் செய்ய வேண்டியது: அட்டவணையில் ஒட்டியதை ஒரு பத்தியிலும் ஒளியில் போனதை இன்னொரு பத்தியிலும் காட்டுங்கள். k எப்போதும் இருட்டுக்குப் பிறகான எண்ணிலிருந்து. எத்தனை முறை ஓட்டியது என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரே ஒரு ஓட்டம் என்றால் 1 என்றே எழுதுங்கள், சராசரி மாதிரி காட்ட வேண்டாம்.

கோவை ஸ்காலர் · 14 ஜூன், காலை 9.02

அந்தத் தலைகீழ் உதாரணத்தை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், சரிதான். சராசரி யோசனையை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. இருட்டில் 30 நிமிடத்தில் ஒட்டுவது முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? முடியாமல் விளக்கைப் போட்டால் இரண்டாவது கணக்கிலும் ஒட்டியது கலந்துதானே வரும்?

பழைய நோட்டு · 14 ஜூன், காலை 9.30

நல்ல கேள்வி, கமிட்டியிலும் இது வரும். இருட்டில் 15, 30, 45, 60 நிமிடங்களில் எடுத்த எண்கள் வேண்டும். 30-க்கும் 60-க்கும் இடையில் எண் அசையவில்லை என்றால் 30 போதும். ஒரு தூளுக்குப் பார்த்தது எல்லாத் தூளுக்கும் செல்லாது. பரப்பு மாறினால் நேரமும் மாறும். அந்த ஓட்டம் யாருடைய குறிப்பிலும் இல்லை என்றால், கூட்டத்துக்கு முன் மீதமிருக்கும் நாட்களில் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ஒரு நாள் போதும், விளக்கே வேண்டாம்.

நிரல் · 14 ஜூன், காலை 10.10

கச்சாக் கோப்பு முழு நிறமாலையாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். மெத்திலீன் ப்ளூவின் உச்சம் 664 நானோமீட்டர். 750-க்கு மேல் சாயம் உறிஞ்சுவது மிகக் குறைவு, அங்கே கோடு பூஜ்ஜியத்தில் படுத்திருக்க வேண்டும். 0.1, 0.2 என்று தூக்கி நின்றால் சென்ட்ரிஃப்யூஜ் சரியாகச் செய்யவில்லை, தூள் தண்ணீரிலேயே மிதக்கிறது. அப்போது கடைசி எண் 0.40 என்பதில் பாதி தூளின் சிதறலாக இருக்கலாம். எல்லாக் கோப்பிலும் 800-இல் உள்ள எண்ணை ஒரு பத்தியாக எடுத்து அட்டவணையில் சேர்த்தால் எந்த ஓட்டங்கள் கெட்டவை என்று ஒரே பார்வையில் தெரியும்.

வெள்ளைப்பலகை · 17 ஜூன், இரவு 9.55

800 பார்த்தேன், மூன்று ஓட்டங்கள் தூக்கி நிற்கின்றன. மூன்றும் ஒரே நாள்.

அட்டவணையை விளக்கு வாரியாகப் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. மார்ச் நடுவில் ஹாலஜன் விளக்கு போய், வெள்ளை எல்இடி வந்திருக்கிறது. பகிர்வு ஆவணத்தில் 'புது விளக்கு மாட்டியாச்சு' என்று ஒரு வரி மட்டும். அதற்குப் பிறகு செம்பு கலக்காத ZnO எல்லா ஓட்டத்திலும் மிகவும் மந்தம். நாங்கள் அதைத் தூள் பழசானது என்று எழுதியிருக்கிறோம்.

பழைய நோட்டு · 18 ஜூன், காலை 6.40

தூள் பழசானது காரணமாக இருக்க வேண்டியதில்லை. ZnO-வின் பட்டை இடைவெளி ஏறக்குறைய 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது சுமார் 385 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளிதான் அதற்கு வேலை. ஹாலஜனில், முன்னால் வடிகட்டி வைக்கவில்லை என்றால், அந்தப் பகுதியில் கொஞ்சம் ஒளி இருக்கும். வெள்ளை எல்இடியில் 400-க்குக் கீழே அநேகமாக ஒன்றும் இல்லை. அதனால் கலக்காத ZnO மந்தமாவது எதிர்பார்க்க வேண்டியதுதான். செம்பு கலந்தது அவ்வளவு இறங்காது, காரணம் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் எடுக்கிறது. இதைக் கவனிக்காமல் ஜனவரியின் ZnO-வையும் மேயின் CZ5-ஐயும் ஒப்பிட்டால் ஒரு கதை, மேயின் ZnO-வோடு ஒப்பிட்டால் இன்னொரு கதை.

இரண்டு விளக்கின் எண்களையும் ஒரு பெருக்கல் எண் போட்டு இணைக்க முயலாதீர்கள். நிறமாலையே வேறு என்பதால் ஒவ்வொரு தூளுக்கும் விகிதம் வேறாக இருக்கும். அறிக்கையில் இரண்டு தனி வரைபடம். அதோடு, பழைய தயாரிப்பில் மீதமிருக்கும் ஒரு தூளையும் கலக்காத ZnO-வையும் எல்இடியில் மூன்று முறை ஓட்டுங்கள், தூளே இல்லாமல் சாயத்தை மட்டும் வைத்தும் ஒரு ஓட்டம். சாயம் தானாகவே ஒளியில் எவ்வளவு போகிறது என்பது அந்த விளக்குக்கு உரிய எண், பழைய விளக்கின் எண்ணை இங்கே கழிக்க முடியாது.

ஏடு · 18 ஜூன், காலை 10.15

வெளியாளாக ஒன்று கேட்கலாமா? சென்ற அறிக்கையில் 80 என்று கொடுத்திருந்தால், இப்போது 75 என்று வருகிறதே, அதை எங்கே சொல்வது? நாங்கள் பதிப்பில் திருத்தப் பட்டியல் ஒன்றைக் கடைசியில் வைப்போம்.

கோவை ஸ்காலர் · 18 ஜூன், காலை 10.40

அடிக்குறிப்பில் போதும். முதல் பக்கத்திலேயே சென்ற எண் மாறியது என்று எழுதினால் இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும்.

பழைய நோட்டு · 18 ஜூன், மதியம் 12.15

இதில் நான் வேறு பக்கம். சென்ற கூட்டத்தில் அந்த எண்ணை வைத்து கமிட்டி ஏதாவது பரிந்துரை செய்திருந்தால், உதாரணமாக 'CZ5-ஐ மட்டும் மேலே கொண்டு போங்கள்' என்று சொல்லியிருந்தால், அது முதல் பக்கத்தில்தான் வர வேண்டும். அந்த முடிவின் அடிப்படையே மாறுகிறதல்லவா. இப்படி எழுதலாம்: 'சென்ற அறிக்கையின் சதவீதங்கள் ஒட்டியதையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டவை. இந்த அறிக்கையில் எல்லா ஓட்டமும் ஒரே முறையில் மறுபடி கணக்கிடப்பட்டுள்ளன. பழைய, புதிய எண்கள் பின்னிணைப்பில் அருகருகே உள்ளன.' மூன்று வரி. எந்தப் பரிந்துரையும் அதன்மேல் நிற்கவில்லை என்றால் அடிக்குறிப்பு போதும், கோவைத் தம்பி சொன்னது சரி.

நிரல் · 18 ஜூன், மதியம் 12.50

எங்கள் துறையில் இதற்கு நேர் எதிரான கருத்தும் இருக்கிறது. பழைய எண்ணைத் தொடாமல் விட்டு, புதிய கணக்கைப் புதிய அறிக்கையிலிருந்து மட்டும் தொடங்க வேண்டும் என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, ஆனால் உங்கள் கைடு அந்தக் கட்சியா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

வெள்ளைப்பலகை · 21 ஜூன், இரவு 10.30

சென்ற மினிட்ஸில் 'CZ7-க்கு மேல் போய்ப் பார்க்கவும்' என்று இருக்கிறது. CZ10 தயாரித்தோம். எக்ஸ்ஆர்டியில் அந்நியக் கோடுகள் வந்தன, குறிப்பில் 'மாதிரி கெட்டுவிட்டது, திரும்பச் செய்ய வேண்டும்' என்று எழுதி விட்டுவிட்டோம். இதை 'செய்யவில்லை' என்று போடுவதா?

பழைய நோட்டு · 22 ஜூன், காலை 6.20

கோடுகள் எந்தக் கோணத்தில்?

வெள்ளைப்பலகை · 22 ஜூன், காலை 8.00

38.7. இன்னொன்று 35.5 பக்கம், ZnO-வின் கோடுகளுக்கு நடுவில் ஒரு தோள்பட்டை மாதிரி.

பழைய நோட்டு · 22 ஜூன், காலை 8.35

அவை CuO-வின் கோடுகள். ZnO-வுக்கு 34.4-லும் 36.3-லும் கோடு உண்டு, அதனால் 35.5 நடுவில் மறைந்துகொள்ளும். 38.7 தனியாக நிற்கும், அதைத்தான் நம்ப வேண்டும். மாதிரி கெடவில்லை. அந்த அளவுக்குச் செம்பு ZnO-வின் படிகத்துக்குள் போகாமல் தனி ஆக்சைடாகப் பிரிந்திருக்கிறது. கமிட்டி கேட்ட கேள்விக்கு இதுவே பதில்: உங்கள் தயாரிப்பு முறையில், உங்கள் உலை வெப்பநிலையில், எக்ஸ்ஆர்டியில் CuO தெரியத் தொடங்கும் எல்லை 7-க்கும் 10-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 'முடிந்தது' என்று போட்டு இந்த எக்ஸ்ஆர்டியை உடலிலேயே வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 38.7-இல் கோடு இல்லை என்பதால் CZ5-இலும் CZ7-இலும் CuO அறவே இல்லை என்று எழுத வேண்டாம். ஓரிரு சதவீதம் இருந்தாலும், துகள் மிகச் சிறிதாக இருந்தாலும் கோடு தெரியாது. 'எக்ஸ்ஆர்டியில் தெரியவில்லை' என்பது வரை எழுதலாம். அந்த CZ10 மோலா எடையா என்பதையும் பட்டியலில் பார்த்து எழுதுங்கள்.

குறிப்புகளில் 'கெட்டது', 'வரவில்லை', 'திரும்ப' என்ற சொற்கள் உள்ள எல்லா வரிகளையும் இதே மாதிரி தனியாக எடுத்துப் படியுங்கள். சிலவற்றில் உண்மையிலேயே பீக்கர் உடைந்திருக்கும், சிலவற்றில் இப்படி ஒரு முடிவு படுத்திருக்கும்.

கோவை ஸ்காலர் · 22 ஜூன், காலை 9.10

அந்த எக்ஸ்ஆர்டி எடுத்தவர் வேறு ஸ்காலர் என்றால்? அவருடைய டி.சி.யிலும் அதே படம் வந்தால் யார் வேலை என்று கேட்க மாட்டார்களா?

பழைய நோட்டு · 22 ஜூன், காலை 9.45

கேட்பார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி: தயாரித்தவர், அளந்தவர், கணக்கிட்டவர். உங்கள் பெயர் எதில் இல்லையோ அது உங்கள் முடிவாக அறிக்கையில் வரக்கூடாது, பின்னணியாக மட்டும் வரலாம். 'நாங்கள்' என்று எழுதுவதை இந்த அறிக்கையில் நிறுத்துங்கள்.

இதில் தீராத இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் தயாரித்த தூளில் அவர் அளந்தார் என்றால் அந்தப் படம் இருவர் ஆய்வேட்டிலும் வரலாமா என்பதற்கு ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. சில கைடுகள் படத்தை ஒருவருக்கும் அதிலிருந்து எடுத்த எண்ணை மற்றவருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். அறிக்கைக்கு முன் நால்வரும் கைடுடன் உட்கார்ந்து படப் பட்டியலைப் பிரித்துக்கொள்வது நல்லது. கூட்டத்தில் முதல்முறையாக அந்தக் கேள்வி எழுந்தால் உங்களிடம் பதில் இருக்காது.

ஏடு · 22 ஜூன், மாலை 5.20

எங்கள் பக்கம் படியெடுத்தவர் பெயரும் ஒப்பிட்டவர் பெயரும் எப்போதும் தனித்தனியாகத்தான் வரும். ஒருவரே இரண்டும் செய்தால் இரண்டு இடத்திலும் அவர் பெயர்.

வெள்ளைப்பலகை · 29 ஜூன், இரவு 11.05

இப்போதைய வடிவம்: முதல் பக்கம் பரிந்துரைகளும் பதில்களும். இரண்டாவது தயாரிப்புப் பட்டியலும் கணக்கிட்ட முறையும். பிறகு நோக்கம் ஒன்று (தயாரிப்பு, எக்ஸ்ஆர்டி), நோக்கம் இரண்டு (ஹாலஜன் ஓட்டங்கள் தனி, எல்இடி தனி). நோக்கம் மூன்றில் ஒன்றும் இல்லை. அந்தத் தலைப்பையே எடுத்துவிடலாமா?

பழைய நோட்டு · 30 ஜூன், காலை 6.15

எடுக்க வேண்டாம். தலைப்பை வைத்து 'இந்த அரையாண்டில் தொடங்கவில்லை' என்று எழுதி, எப்போது தொடங்கும், எது முடிந்தால் தொடங்கும் என்று ஒரு வரி. பதிவில் உள்ள நோக்கம் அறிக்கையில் காணாமல் போனால் நீங்கள் அதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். நோக்கத்தை மாற்ற வேண்டும் என்று நினைத்தால் அதையும் கேள்வியாக எழுதிக் கமிட்டியிடமே கேளுங்கள், அவர்கள்தான் மினிட்ஸில் பதிய முடியும்.

அடுத்த ஆறு மாதத் திட்டத்தை மாதவாரியாகப் போட வேண்டாம், கருவி வாரியாகப் போடுங்கள். செம்பின் உண்மையான அளவுக்கு ஐசிபி வேண்டும். 664-இல் நிறம் போனது சாயம் முழுதாகச் சிதைந்ததற்குச் சாட்சி இல்லை என்று வெளி உறுப்பினர் கேட்டால் டிஓசி வேண்டும். இரண்டும் வேறு நிறுவனத்தில் வரிசையில் நின்று எடுக்க வேண்டியவை என்றால், மாதிரி அனுப்பும் தேதியையும் முடிவு வரும் என எதிர்பார்க்கும் தேதியையும் தனித்தனியாக எழுதுங்கள். இடையில் உள்ள வாரங்களில் உங்கள் ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய ஓட்டங்கள் எவை என்பதும் அதே அட்டவணையில் வரட்டும்.

நிரல் · 30 ஜூன், காலை 9.25

அட்டவணைக் கோப்பையும் கச்சாக் கோப்புகளையும் அறிக்கை கொடுக்கும் நாளன்று ஒரு நகல் எடுத்து, `DC_2025_07` என்று பெயர் வைத்துப் பூட்டி வையுங்கள். அதன் பிறகு சேரும் ஓட்டங்கள் அடுத்த அறிக்கைக்கு.

வெள்ளைப்பலகை · 30 ஜூன், இரவு 8.40

இருட்டு ஓட்டம் நாளை, எல்இடியில் மறு ஓட்டங்கள் இந்த வாரம். படப் பட்டியலைப் பிரிக்க நால்வரும் வெள்ளிக்கிழமை கைடுடன் உட்காருகிறோம். CZ10 யாருக்கு என்பதில் இன்னும் இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை.